கிளவுட் ஈஆர்பியை விட்டு வெளியேறும்போது கையில் என்ன மிஞ்சும்? மூன்று வகைகளின் ஒப்பீடு

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 120 கோடி ரூபாய். இரண்டு தொழிற்கூடங்கள், சென்னையிலும் புனேயிலும் ஒவ்வொரு கிடங்கு, கணினியில் வேலை செய்பவர்கள் எழுபது பேர். கணக்கையும் சரக்கிருப்பையும், இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணையம் வழியாக நடத்தும் மென்பொருளான கிளவுட் ஈஆர்பிக்கு மாற்றுவதென்று முடிவாகிவிட்டது. முதலாளியின் மேஜையில் மூன்று கொட்டேஷன்கள் இருக்கின்றன. ஒன்று ஆரக்கிளின் நெட்ஸூட். இரண்டாவது மைக்ரோசாஃப்டின் பிசினஸ் சென்ட்ரல். மூன்றாவது, அதை உருவாக்கிய ஃப்ரப்பே நிறுவனத்தின் ஃப்ரப்பே கிளவுடில் ஓடும் ஈஆர்பிநெக்ஸ்ட்.

வசதிகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டாகிவிட்டது. ஆண்டுக் கட்டணத்தையும் ஒப்பிட்டாகிவிட்டது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இந்த மென்பொருள் வேண்டாம் என்று முடிவெடுத்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதற்கு மட்டும் அட்டவணையில் இடமில்லை. கேட்டால் மூன்று விற்பனைப் பிரதிநிதிகளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “டேட்டா உங்களுடையதுதான் சார், எப்போது வேண்டுமானாலும் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம்.” மூவரும் சொல்வது உண்மைதான். ஆனால் மூன்று இடங்களிலும் அந்த ஒரே வாக்கியத்துக்குப் பொருள் வேறு. இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது.

ஒரு பில்லுக்குள் என்னென்ன இருக்கிறது

இதைப் பொதுவாகப் பேசினால் விளங்காது. ஒரே ஒரு விற்பனை பில்லை எடுத்துப் பார்ப்போம். சேலத்து விநியோகஸ்தர் ஒருவருக்கு 4,00,000 ரூபாய்க்குப் பம்ப்செட்டுகள், 18 சதவீத ஜிஎஸ்டி 72,000 ரூபாய், ஆக மொத்தம் 4,72,000 ரூபாய். பின்னர் அவர் வங்கியில் 7,50,000 ரூபாய் செலுத்தினார். அது மூன்று பில்களுக்கான தொகை, அதில் இந்தப் பில்லுக்கு 4,00,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு பம்ப் பழுதாகத் திரும்பி வந்ததால் ஜிஎஸ்டியுடன் சேர்த்து 23,600 ரூபாய்க்கு கிரெடிட் நோட் போடப்பட்டது. மீதி நிலுவை 48,400 ரூபாய்.

எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி பில் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக எடுத்தால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு வரி: பில் எண், தேதி, வாடிக்கையாளர், மொத்தம் 4,72,000, நிலுவை 48,400. தொகைகள் சரியாகவே இருக்கும். ஆனால் 7,50,000 ரூபாய் வரவிலிருந்து எவ்வளவு இந்தப் பில்லுக்குப் போனது, கிரெடிட் நோட் எந்தப் பில்லோடு கட்டப்பட்டது என்ற பிணைப்பு அந்த வரியில் இல்லை. சரக்கு எந்த டெலிவரி சலானில் போனது, அந்தச் சலான் எந்த ஆர்டரிலிருந்து வந்தது, எந்த விலையில் வாங்கிய இருப்பிலிருந்து கழிக்கப்பட்டது என்பதும் இல்லை. விநியோகஸ்தர் கையொப்பமிட்டுத் திருப்பியனுப்பிய சலானின் ஸ்கேன், இ-இன்வாய்ஸின் 64 எழுத்து அடையாள எண்ணான ஐ.ஆர்.என்., அதனுடன் வந்த க்யூஆர் குறியீடு ஆகியவையும் வேறு எங்கோ இருக்கின்றன. பில்லின் கெடுவை 30 நாளிலிருந்து 45 நாளாக மாற்றியது யார், எப்போது என்ற திருத்தப் பதிவும் வேறு இடத்தில்தான்.

விநியோகஸ்தர் இரண்டு ஆண்டுகள் கழித்து “நான் முழுதாகக் கட்டிவிட்டேன்” என்று சொன்னால் தேவைப்படுவது இந்தப் பிணைப்புகள்தான். புதிய மென்பொருளில் 48,400 என்ற ஓர் எண் மட்டும் தொடக்க நிலுவையாக உட்கார்ந்திருந்தால் அவரிடம் காட்ட எதுவும் இருக்காது. “எக்ஸ்போர்ட் செய்யலாமா?” என்று மட்டும் கேட்பது அதனால்தான் போதாது. பிணைப்புகள், இணைப்புக் கோப்புகள், திருத்தப் பதிவு ஆகிய மூன்றும் சேர்ந்து வருமா என்று கேட்க வேண்டும்.

சட்டம் கேட்பதும் அதையேதான்

இந்தியக் கம்பெனிகளுக்குத் திருத்தப் பதிவை வைத்திருப்பது விருப்பத்துக்கு விட்ட விஷயமல்ல. கம்பெனிகள் (கணக்குகள்) விதிகள், 2014-இன் 3-ஆம் விதிப்படி, 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் திருத்தப் பதிவை உருவாக்க வேண்டும். அதை அணைத்து வைக்க வழி இருக்கக் கூடாது. அந்தப் பதிவு பாதுகாக்கப்பட்டதா என்றும் தணிக்கையாளர் தமது அறிக்கையில் சொல்ல வேண்டும். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டம் ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கேட்கிறது.

இதன் விளைவு தெளிவானது. மென்பொருளை மாற்றிய பிறகும் பழைய ஆண்டுகளின் புத்தகங்களையும் அவற்றின் திருத்தப் பதிவையும் படிக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியைவிட்டு நீங்காது. சந்தாவை நிறுத்தியபின் அந்தப் பதிவுகளை ஈஆர்பி நிறுவனம் அழித்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அதே 3-ஆம் விதி, மின்னணுக் கணக்குகளின் பேக்கப் நாள்தோறும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேமிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. எந்த நாட்டு டேட்டா சென்டர், பேக்கப் எங்கே என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க இது ஒன்றே போதுமான காரணம்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. கிளவுட் சேவையை மாற்ற விரும்பும் வாடிக்கையாளர் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மாற்றத்துக்கான காலம் பொதுவாக முப்பது நாள், அது தொழில்நுட்ப ரீதியாக இயலாது என்று சேவை நிறுவனம் காரணம் காட்டினால் ஏழு மாதம் வரை நீளலாம். அதன் பிறகு தரவை எடுத்துக்கொள்ளக் குறைந்தது இன்னொரு முப்பது நாள் உண்டு. மாற்றத்துக்கென்று கட்டணம் வசூலிப்பது 2027 ஜனவரி 12 முதல் முற்றிலும் தடை.

இந்தியாவில் இதற்கு இணையான சட்டம் இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர்களைப் பற்றியது, அதிலும் தரவை வேறு இடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமை இடம்பெறவில்லை. ஆகவே இங்கே ஒரு கம்பெனியின் வெளியேறும் உரிமை என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது மட்டுமே. ஆனால் ஐரோப்பியச் சட்டம் நமக்குப் பேரம் பேச ஒரு பிடி கொடுக்கிறது. உலகம் முழுதும் விற்கும் நிறுவனங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு இந்த உரிமைகளைக் கொடுத்தே ஆக வேண்டும். “அவர்களுக்குக் கொடுக்கும் அதே ஷரத்துகளை எங்கள் ஒப்பந்தத்திலும் சேருங்கள்” என்று கேட்பது நியாயமானது. கேட்டால்தான் பேச்சே தொடங்கும்.

நெட்ஸூட் வகை: டேட்டாபேஸ் கைக்கு வராது

நெட்ஸூட், எஸ்ஏபியின் எஸ்/4ஹானா கிளவுட் பப்ளிக் எடிஷன் போன்றவற்றில் பல வாடிக்கையாளர்கள் ஒரே கட்டமைப்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அடியில் இருக்கும் டேட்டாபேஸை நேரடியாக யாரும் தொட முடியாது, முழு நகல் எடுத்துத் தரச் சொல்லவும் முடியாது. வெளியே வரும் வழிகள், மென்பொருள்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஏபிஐ, அறிக்கைகள், சி.எஸ்.வி. ஆகியவைதான். நெட்ஸூட்டில் `Setup > Import/Export > Full CSV Export` என்ற வசதி இருக்கிறது. முக்கியப் பதிவுகள் ஒரு ஜிப் கோப்பாக வரும். இணைப்புக் கோப்புகளை ஃபைல் கேபினெட்டிலிருந்து தனியாக இறக்க வேண்டும். திருத்தப் பதிவு ‘சிஸ்டம் நோட்ஸ்’ என்ற பெயரில் இருக்கிறது, அதற்குத் தனித் தேடல்கள் எழுத வேண்டும். அட்டவணைகளை வினவல் எழுதி நேரடியாகப் படிக்க ‘சூட் அனலிட்டிக்ஸ் கனெக்ட்’ என்ற இணைப்பு உண்டு. ஆனால் அது தனிக் கட்டணத்தில் வரும் கூடுதல் சேவை.

இந்த வகையில் பிணைப்புகள் காணாமல் போவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மீண்டும் கோக்க வேண்டியிருக்கிறது, அந்த வேலை முழுதும் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. பல நாடுகளில் துணை நிறுவனங்கள் வைத்துக்கொண்டு, பல நாணயங்களில் ஒருங்கிணைந்த கணக்கு முடிக்க வேண்டியவர்களுக்கு இந்த வகை மிக வசதியானது. அந்த வசதிக்காக இந்தச் சுமையை ஏற்கலாம். நம் பம்ப்செட் நிறுவனத்துக்கு அந்தத் தேவை இல்லை.

பிசினஸ் சென்ட்ரல் வகை: டேட்டாபேஸ் வரும், நிரல் வராது

பிசினஸ் சென்ட்ரலின் நிர்வாக மையத்திலிருந்து முழு டேட்டாபேஸையும் `.bacpac` கோப்பாக நம் சொந்த அஷ்யூர் சேமிப்பிடத்துக்கு அனுப்ப முடியும். கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளரின் அசல் சூழலுக்கு மட்டுமே இது கிடைக்கும், மாதத்துக்குப் பத்து முறை என்ற வரம்பும் உண்டு. அந்தக் கோப்பை ஒரு எஸ்க்யூஎல் சர்வரில் ஏற்றினால் எல்லா அட்டவணைகளும் பிணைப்புகளோடு கண்முன் நிற்கும். திருத்தப் பதிவு `Change Log Entry` என்ற அட்டவணையில் இருக்கும். முதல் வகையோடு ஒப்பிட்டால் இது மிகப்பெரிய முன்னேற்றம்.

ஆனால் சந்தா முடிந்த பிறகு அந்த அட்டவணைகளைப் பழைய திரைகளில் பார்க்க முடியாது. நிரலை ஓட்டத் தனி உரிமம் வேண்டும், கிளவுடில் இருந்த பதிப்புக்கு ஏற்ற பதிப்பும் வேண்டும். தணிக்கையாளர் ஒரு பில்லைக் கேட்டால் எஸ்க்யூஎல் தெரிந்த ஒருவர் வினவல் எழுதி எடுத்துத் தர வேண்டியிருக்கும். கால அளவைப் பொறுத்தவரை மைக்ரோசாஃப்டின் பொதுவான நிபந்தனை தெளிவாக இருக்கிறது. சந்தா முடிந்த பின் வாடிக்கையாளர் தரவு 90 நாள் குறைந்த வசதிகளோடு வைத்திருக்கப்படும், அடுத்த 90 நாளுக்குள் நீக்கப்படும். அந்த 90 நாள் நமக்குப் போதுமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஓடூ ஆன்லைன் என்ற மற்றொரு கிளவுட் ஈஆர்பியும் இந்த வகையில்தான் வரும். பேக்கப் எடுத்தால் `dump.sql`, `filestore` ஆகியவை அடங்கிய ஜிப் கிடைக்கிறது. அதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. கணக்குப் பகுதி முழுமையாக ஓட என்டர்பிரைஸ் பதிப்பின் சந்தா தேவை. மேலும், ஓடூ ஆன்லைன் சில நேரங்களில் `saas~17.2` போன்ற இடைக்காலப் பதிப்பில் ஓடும், அதைச் சொந்த சர்வரில் அப்படியே ஏற்ற முடியாது. அடுத்த பெரிய பதிப்புக்கு உயர்த்திய பிறகே வெளியே கொண்டுவர முடியும். வெளியேறும் மாதத்தில் இது தெரியவந்தால் பெரும் இடையூறாகிவிடும்.

ஈஆர்பிநெக்ஸ்ட் வகை: இரண்டும் வரும், ஆனால் ஆள் வேண்டும்

ஈஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வரும் திறமூல மென்பொருள். டேட்டாபேஸ் மரியாடிபி. சொந்த சர்வரில் இருந்தால் ஒரே கட்டளையில் முழு பேக்கப் எடுக்கலாம்:

```
bench --site erp.local backup --with-files
```

இதிலிருந்து டேட்டாபேஸின் `.sql.gz`, பொதுக் கோப்புகள், தனிக் கோப்புகள், தள அமைப்பு ஆகிய நான்கும் கிடைக்கும். ஃப்ரப்பே கிளவுடிலிருந்தும் பேக்கப் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். தள அமைப்புக் கோப்பை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. சேமித்த கடவுச்சொற்களையும் ஏபிஐ சாவிகளையும் திறக்கத் தேவையான `encryption_key` அதில்தான் இருக்கிறது. திருத்தப் பதிவு `tabVersion` அட்டவணையில் இருக்கிறது.

நிரலும் தரவும் இரண்டும் நம் கையில் இருப்பதால், சந்தாவை நிறுத்திய மறுநாளும் சொந்த சர்வரில் பழைய புத்தகங்களைப் பழைய திரையிலேயே திறந்து பார்க்கலாம். எட்டு ஆண்டுப் பாதுகாப்புக் கடமைக்கு இதைவிட நேரான வழி வேறில்லை என்பது என் கருத்து.

வெளியேற விடாத பூட்டு இங்கே வேறு வடிவத்தில் வருகிறது. நம் தேவைக்கு ஏற்ப எழுதப்பட்ட கூடுதல் நிரல்கள் எல்லாம் அமலாக்கிய கூட்டாளி நிறுவனத்தின் கணக்கில் இருந்தால், அவர்களோடு உறவு முறிந்த நாளில் மென்பொருள் நம்முடையதாக இருந்தும் பயனில்லை. எழுதியவருக்கு மட்டுமே புரியும் நிரலும் அப்படித்தான். திறமூலம் என்றால் பூட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டு இந்த வகையை வாங்கக் கூடாது. மற்ற இரண்டில் பூட்டு மென்பொருள் நிறுவனத்திடம் இருக்கிறது, இதில் உள்ளூர்க் கூட்டாளியிடம் இருக்கிறது.

மார்ச் 31-இல் முடியும் ஒப்பந்தம்

ஏற்றுமதி வசதியைவிட நாள்காட்டிதான் அதிகம் பேரை மாட்டிவைக்கிறது. நம் நிறுவனம் 2026 ஏப்ரல் 1-இல் மூன்றாண்டு ஒப்பந்தம் போடுகிறது என்று கொள்வோம். நிதியாண்டோடு பொருந்துகிறது என்று எல்லோருக்கும் திருப்தி. ஒப்பந்தம் 2029 மார்ச் 31-இல் முடியும். தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து இருக்கிறது, வேண்டாம் என்றால் 90 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அப்படியானால் கடைசி நாள் 2028 டிசம்பர் 31. அந்தத் தேதி தவறினால் இன்னொரு தவணைக் கட்டணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆகிறோம்.

புதிய மென்பொருளைத் தேர்ந்து, அமைத்து, ஆட்களைப் பழக்க இந்த அளவு நிறுவனத்துக்கு ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். ஆக, மாறுவதா வேண்டாமா என்ற முடிவு 2028 நடுப்பகுதிக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் முடிய ஏறக்குறைய ஓர் ஆண்டு மிச்சம் இருக்கும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் முடிவு நாளிலேயே இருக்கிறது. மார்ச் 31-இல் நிதியாண்டு முடிகிறது, கணக்கு முடிவதில்லை. தணிக்கை, இறுதிப் பதிவுகள், ஆண்டுப் பொதுக்கூட்டம் எல்லாம் செப்டம்பர் இறுதி வரை நீளும். அந்த ஆறு மாதமும் தணிக்கையாளருக்குப் பழைய மென்பொருளைத் திறக்க வேண்டும், சில இறுதிப் பதிவுகளும் அங்கேதான் விழும். சந்தா முடிந்த பின் கிடைக்கும் 90 நாள் ஜூன் மாத இறுதியிலேயே தீர்ந்துவிடும். அதனால் ஒப்பந்தம் முடியும் நாளை அக்டோபர் 31 என்று வைத்துக்கொள்வதே சிறந்தது. முதல் தவணையை மூன்றாண்டு ஏழு மாதம் என்று எழுதினால் போதும். அதை அவர்கள் ஏற்காவிட்டால், முடிந்த பிறகு ஏழு மாதத்துக்குக் குறைந்த எண்ணிக்கைப் பயனர்களோடு பழைய மென்பொருளைத் திறந்து வைக்க என்ன கட்டணம் என்பதை இன்றே எழுதி வாங்க வேண்டும். வெளியேறும் நேரத்தில் அந்த விலையைக் கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை.

எந்த ஷரத்துகளுக்காகச் சண்டை போடலாம்

நிலையான ஒப்பந்தப் படிவத்தில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. நடுத்தர வாடிக்கையாளர் ஐம்பது திருத்தம் கேட்டால் ஒன்றும் நடக்காது. நான்கைந்தில் மட்டும் உறுதியாக நிற்கலாம்.

முதலாவது, ‘வாடிக்கையாளர் தரவு’ என்பதன் வரையறை. பல படிவங்களில் வாடிக்கையாளர் உள்ளிட்ட தரவு என்று மட்டுமே இருக்கும். திருத்தப் பதிவை யாரும் உள்ளிடுவதில்லை, மென்பொருள் தானாக எழுதுகிறது. பில்லுக்கும் வரவுக்கும் உள்ள பிணைப்பும் அப்படித்தான். ஆகவே வரையறையில் இணைப்புக் கோப்புகள், பரிவர்த்தனைகளுக்கிடையேயான பிணைப்புகள், திருத்தப் பதிவுகள், பயனர் உரிமை அமைப்புகள், நமக்காக எழுதப்பட்ட நிரல்கள், அறிக்கை வடிவங்கள் எல்லாம் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். வடிவமும் எழுதப்பட வேண்டும்: அட்டவணை அமைப்பின் விளக்கத்தோடு கூடிய, கணினி படிக்கக்கூடிய கோப்பு. பிடிஎஃப் கட்டுகளாகக் கொடுத்துவிட்டு ‘கொடுத்துவிட்டோம்’ என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

இரண்டாவது, சேவை நிறுத்தம். கட்டணம் தாமதமானால் சேவையை நிறுத்தும் உரிமை எல்லாப் படிவங்களிலும் இருக்கிறது. வெளியேறும் நேரத்தில்தான் கட்டணத் தகராறும் வரும், தகராறு வந்தால் லாகின் மூடப்படும், லாகின் மூடினால் தரவை எடுக்க முடியாது. எனவே தகராறுக்குரிய தொகையைத் தவிர மற்றது செலுத்தப்பட்டிருக்கும் வரை, படிப்பதற்கும் எடுப்பதற்குமான அணுகலை நிறுத்தக் கூடாது என்று ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு ஷரத்துதான் கிடைக்கும் என்றால் இதைத்தான் கேட்பேன்.

மூன்றாவது, நிர்வாகக் கணக்கு யார் பெயரில் என்பது. இங்கே பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டாளி வழியாகத்தான் வாங்குகிறோம். தொடக்கத்தில் அவர்களே எல்லாவற்றையும் திறந்து கொடுப்பார்கள். பிசினஸ் சென்ட்ரலாக இருந்தாலும் ஃப்ரப்பே கிளவுடாக இருந்தாலும், உச்ச நிர்வாக உரிமை கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியில் இருக்க வேண்டும். கூட்டாளிக்குக் கொடுப்பது நாம் நினைத்தபோது திரும்பப் பெறக்கூடிய உரிமையாக மட்டும் இருக்க வேண்டும். கூடுதல் நிரல்களின் உரிமையும், அவை வைக்கப்படும் கிட் களஞ்சியமும் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். இதற்கு வழக்கறிஞர்கூட வேண்டாம், கொள்முதல் ஆணையில் இரண்டு வரி எழுதினால் போதும்.

நான்காவது, பணம். புதுப்பிக்கும்போது விலை எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற உச்சவரம்பு, வெளியேறும்போது தொழில்நுட்ப உதவி கேட்டால் ஒரு நாளுக்கு என்ன கட்டணம் என்ற விலைப்பட்டியல். இரண்டையும் கையெழுத்துக்கு முன் வாங்கிவிட வேண்டும்.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இதில் ஒரு வசதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப வெளிச்சேவை குறித்த வழிகாட்டுதல், வெளியேறும் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. மற்றத் துறையினரும் அதைப் படித்து ஷரத்துகளின் சொற்களை எடுத்துக்கொள்ளலாம்.

சேவை நிறுவனமே திவாலானால் என்ன செய்வது? இதற்கு எவ்வளவு நல்ல ஷரத்து எழுதினாலும் பலன் குறைவு. 2013-இல் பிரிட்டனில் 2இ2 என்ற தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனம் திவாலானபோது, டேட்டா சென்டரைத் தொடர்ந்து ஓட்டுவதற்கு, திவால் நடவடிக்கைக்கு நியமிக்கப்பட்ட நிர்வாகிகள் வாடிக்கையாளர்களிடமே பணம் கேட்டார்கள். அந்த நிலையில் ஒப்பந்தத்தைக் காட்டிப் பயனில்லை. நம் கையில் ஏற்கெனவே இருக்கும் நகல் மட்டுமே உதவும். இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை

விளக்கக் காட்சியில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அதனால் சோதனைக் கணக்கில் ஒரு மாதப் பரிவர்த்தனைகளை உள்ளிட்டு, அவற்றை வெளியே எடுத்து வேறோர் இடத்தில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிசினஸ் சென்ட்ரலின் சோதனைக் கணக்கில் டேட்டாபேஸ் எக்ஸ்போர்ட் கிடைக்காது. அங்கே கூட்டாளியின் கட்டணச் சூழலில் செய்து காட்டச் சொல்ல வேண்டியிருக்கும். ஈஆர்பிநெக்ஸ்டில் பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றியபின் இந்த வினவல் போதும்:

```sql
SELECT account, SUM(debit) - SUM(credit) AS balance
FROM `tabGL Entry`
WHERE is_cancelled = 0
  AND posting_date <= '2026-04-30'
GROUP BY account;
```

இதில் வரும் தொகைகள், அசலில் எடுத்த டிரையல் பேலன்ஸோடு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். மற்ற மென்பொருள்களில் அட்டவணைப் பெயர் மாறும், சோதனை மாறாது.

டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போனதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது எளிதில் ஒத்துப்போகக்கூடியது. பிணைப்புகள் அறுந்திருந்தாலும் மொத்தம் சரியாகவே இருக்கும். எனவே இன்னும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் வாரியான நிலுவைப் பட்டியலில் எந்தப் பில்லோடும் சேராத வரவுகள் திடீரென்று முளைத்திருந்தால், ஒதுக்கீட்டு விவரம் வரவில்லை என்று பொருள். நம் சேலத்து விநியோகஸ்தரின் கணக்கில் 4,72,000 நிலுவையாகவும் 7,50,000 ரூபாய் ஒதுக்கப்படாத வரவாகவும் தனித்தனியே தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அடுத்து, இணைப்புக் கோப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், பத்து பில்களைத் திறந்து அவற்றின் சலான் ஸ்கேன் அந்தப் பில்லிலிருந்தே திறக்கிறதா என்று பாருங்கள். கோப்புகள் எல்லாம் வந்திருந்தும், எது எந்தப் பில்லுடையது என்று தெரியாமல் குவிந்து கிடப்பது உண்டு. கடைசியாக, திருத்தப் பதிவுகளை மாத வாரியாக எண்ணிப் பாருங்கள். வேலை நடந்த ஒரு மாதத்தில் பதிவே இல்லையென்றால், பழையவற்றை நீக்கும் அமைப்பு எங்கோ இயங்கியிருக்கிறது.

நம் கோவை நிறுவனத்துக்கு எது

இந்த உதாரண நிறுவனத்துக்கு நெட்ஸூட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருள் தரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரே நாட்டில், ஒரே கம்பெனியாக இயங்குபவர்களுக்கு அதன் தனிச் சிறப்புகள் பெரும்பாலும் பயன்படாது, வெளியேறும் செலவு மட்டும் முழுதாக வரும். துபாயிலும் ஆப்பிரிக்காவிலும் துணை நிறுவனங்கள் தொடங்கும் திட்டம் உறுதியாக இருந்தால் என் பதில் மாறும். அப்போது சூட் அனலிட்டிக்ஸ் கனெக்ட் இணைப்பின் கட்டணத்தை முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் சேர்த்து, மாதந்தோறும் தரவைச் சொந்தத் தரவுக் கிடங்குக்கு இழுத்து வைக்கச் சொல்வேன்.

மற்ற இரண்டுக்கும் நடுவே தேர்வு ஆளைப் பொறுத்தது. நிறுவனத்துக்குள் லினக்ஸ் சர்வரையும் பேக்கப்பையும் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவர் சம்பளத்தில் இருக்கிறார், அவர் விலகினால் இன்னொருவரை எடுக்க நிர்வாகம் தயாராக இருக்கிறது என்றால் ஈஆர்பிநெக்ஸ்ட். நிரலும் தரவும் சேர்ந்து கைக்கு வருவது எட்டு ஆண்டுக் கடமையை மிக எளிதாக்குகிறது. அப்படி ஆள் இல்லை, வைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை என்றால் பிசினஸ் சென்ட்ரல். அதில் மாதம் ஒருமுறை `.bacpac` எடுத்து, இந்தியாவில் இருக்கும் சொந்தச் சேமிப்பிடத்தில் வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை எஸ்க்யூஎல் சர்வரில் ஏற்றித் திறக்கிறதா என்று பார்க்கும் வேலையைக் கூட்டாளியின் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட வேண்டும். திறந்து பார்த்ததற்கு அத்தாட்சியாக அந்தக் காலாண்டின் டிரையல் பேலன்ஸை அந்த நகலிலிருந்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வந்து சேர்ந்த பிறகே அந்தக் காலாண்டின் பராமரிப்புக் கட்டணத்தைக் கொடுப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள்.